648 பெயர் அட்டைகள்

பேட்ஜ் அடிக்கிற வேலையில் லாபம் முதல் அச்சோடு முடிந்துவிடும். மறு அச்சு வந்தால் கைக்காசுதான் போகும். ஒரு ஷீட்டில் 9 பேட்ஜ் வைத்து மொத்தமாக ஓட்டும்போது ஒன்றின் அடக்கம் சில ரூபாய்க்குள் நின்றுவிடுகிறது. மாநாடு தொடங்குகிற காலையில் ஒரே ஒரு புள்ளிக்காக அதே பேட்ஜைத் திரும்ப அடித்து, வெட்டி, பையனிடம் கொடுத்து மண்டபத்துக்கு அனுப்பினால் ஆட்டோ கூலி மட்டும் அதைப்போலப் பல மடங்கு. அதனால் யாராவது பேட்ஜ் வேலை கொண்டுவந்தால் நான் டிசைனைக் கேட்பதில்லை. பட்டியலைக் கேட்பேன்.

எங்கள் கடை மதுரையில் இருக்கிறது. டிஜிட்டல் பிரிண்டிங், கல்யாணப் பத்திரிகை, பில் புக் எல்லாம் உண்டு. ஆனால் ஆடி போனதும் கல்லூரிக் கருத்தரங்குகள் வரிசையாக வரும், அப்போது பேட்ஜ்தான் சோறு போடும். இங்கே சொல்லப்போவது ஒரு கல்லூரியில் இரண்டு நாள் நடந்த தமிழ் ஆய்வு மாநாட்டின் வேலை. பெயர்கள் 630. பொறுப்புகள் ஐந்து: பேச்சாளர், கட்டுரையாளர், பங்கேற்பாளர், ஒருங்கிணைப்புக் குழு, தன்னார்வலர். அட்டையில் எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. தமிழ் என்று வந்துவிட்டால் ஆங்கில பேட்ஜில் இல்லாத சில தலைவலிகள் சேர்ந்துகொள்ளும்.

பட்டியல் இரண்டு துண்டாக வந்தது. கூகுள் படிவத்தில் பதிந்தவர்கள் யூனிகோடில் இருந்தார்கள். துறையிலேயே தட்டச்சு செய்த மூத்த பேராசிரியர்கள் பட்டியல் பாமினி எழுத்துருவில். பாமினியில் இருப்பது கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. எழுத்துருவை மாற்றினால் ‘அம்மா’ என்பது `mk;kh` என்று பல்லைக் காட்டும். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்குவது ஒரு நிமிட வேலை. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் பழைய தாளோடு வைத்துப் படித்துப் பார்ப்பதுதான் வேலை, அதற்கு ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும்.

யூனிகோடில் வந்தது சுத்தம் என்றும் நம்பிவிடக் கூடாது. தமிழில் ‘ர்’ போடுவதற்குப் பதிலாகக் காலுக்கு மேல் புள்ளி வைத்துத் தட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. ‘சேகர்’ என்பதை ‘சேகா்’ என்று அடித்திருப்பார்கள். சில எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் புள்ளி தள்ளி நிற்கும், அல்லது நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைக்கும். அதைவிட மோசம், ‘சேகர்’ என்று தேடினால் அந்த ஆள் அகப்படவே மாட்டார். எக்செல்லில் தேடு பெட்டியில் காலும் புள்ளியுமாக `ா்` போட்டு, கிடைப்பதையெல்லாம் `ர்` ஆக மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. முறையான தமிழில் காலுக்கு மேல் புள்ளி வருகிற இடம் கிடையாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை எடுப்பதும் இதே கட்டத்தில்தான். இணையப் படிவத்திலிருந்து வெட்டி ஒட்டியதில் சாதாரண `TRIM` கண்டுகொள்ளாத ஒருவகை வெற்றிடம் இருக்கும். பெயர் நடுவாக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து அச்சாவதற்கு அநேகமாக அதுவே காரணம்.

```
=TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160)," "))
```

முன்னெழுத்துதான் உண்மையான வம்பு. தமிழில் பெயரெழுதினால் முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையே போட்டது. ஆனால் பட்டியலில் ‘S. கண்ணன்’ என்று இருந்தால் நான் என்ன போடுவது? அப்பா சுப்பையாவா, சண்முகமா, செல்வராஜா? ‘சு.’ என்றும் வரலாம், ‘ச.’, ‘செ.’ என்றும் வரலாம். இதை எந்தச் சூத்திரத்தாலும் கண்டுபிடிக்க முடியாது, அவரைத்தான் கேட்க வேண்டும். ஆங்கில முன்னெழுத்து உள்ளவர்களை மட்டும் வடிகட்டி ஒருங்கிணைப்பாளரான பேராசிரியருக்கு அனுப்பினேன்.

“தம்பி, இவ்வளவு பேருக்கு நான் எப்படிப் போன் பண்றது? நீங்களே ஏதாவது போட்டு விடுங்களேன்.”

“போட்டுடலாம் சார். ஆனா அன்னைக்குக் காலைல அவங்க எல்லாரும் உங்க மேசைக்குத்தான் வருவாங்க.”

ஆராய்ச்சி மாணவர்கள் நாலு பேரை உட்கார வைத்து அன்றைக்கே கேட்டு முடித்துவிட்டார். கூடவே, படிவத்தில் பதிந்திருந்த எல்லோருக்கும் ‘உங்கள் அட்டையில் பெயர் இப்படி அச்சாகும், திருத்தம் இருந்தால் இத்தனாம் தேதிக்குள் சொல்லவும்’ என்று ஒரு வரி அனுப்பச் சொன்னேன். அந்த வரிக்குப் பிறகு வந்த திருத்தங்களில் பெரும்பாலானவை ‘முனைவர்’ விட்டுப்போனவை. கல்லூரிப் பெயரில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முனைவர் விட்டுப்போனதைப் பார்த்துச் சிரித்தவரை நான் பார்த்ததில்லை.

பட்டியல் சுத்தமானதும் வரிசை எண். 1 முதல் 630 வரை ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தால் அதற்குப் பிறகு அந்த எண் மாறவே கூடாது. பேட்ஜின் கீழ் மூலையில் 6 புள்ளி அளவில் சின்னதாக அச்சாகும். யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் மறு அச்சு, தேடுதல், கணக்கு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். புதிதாக ஒருவர் சேர்ந்தால் 631. நடுவில் செருகக் கூடாது.

எண் போடுவதற்கு முன் எந்த வரிசையில் அடுக்குவது என்று முடிவாக வேண்டும். முன்னெழுத்தோடு அகர வரிசைப்படுத்தினால் ‘கா. மாரியப்பன்’ க-வில் போய் உட்கார்ந்துவிடுவார். மேசைக்கு வந்து “மாரியப்பன்” என்று சொல்கிறவரை ம-வில்தான் தேடுவார்கள். ஆகவே ‘முனைவர்’, முன்னெழுத்து எல்லாவற்றையும் கழித்து, தேடும் பெயர் என்று தனிப் பத்தி வைத்துக்கொள்வேன். தமிழறிஞர் கூட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ராமலிங்கம் என்று கூப்பிடுகிறோம், அவர் எழுதுவது இராமலிங்கம். லட்சுமி, இலட்சுமியும் அப்படித்தான். பட்டியலில் இ-வில் இருப்பார், மேசையில் ர-வில் தேடுவார்கள், இல்லை என்பார்கள், “இவங்க பேட்ஜே அடிக்கலை” என்று எனக்குப் போன் வரும். மறு அச்சு கேட்டு வருகிற போன்களில் கணிசமானவை இந்தச் சாதிதான்: பேட்ஜ் இருக்கிறது, இருக்கிற இடம் தெரியவில்லை. தேடும் பெயர் பத்தியில் இரா, இல எல்லாவற்றையும் ரா, ல என்று மாற்றிவிட்டேன். அட்டையில் அவர் எழுதுகிறபடியே இராமலிங்கம்.

இந்த வரிசை வெட்டும்போது கலையாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. பேட்ஜ் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அட்டை 90க்கு 130 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டால் 12க்கு 18 இஞ்ச் ஷீட்டில் மூன்றுக்கு மூன்று, 9 வரும். பட்டியலை அப்படியே ஓட்டினால் முதல் ஷீட்டில் 1 முதல் 9 வரை, இரண்டாவதில் 10 முதல் 18 வரை அச்சாகும். ஷீட்டுகளை அடுக்கி வெட்டினால் ஒன்பது கட்டுகள் கிடைக்கும். முதல் கட்டில் 1, 10, 19, 28 என்று இருக்கும். மொத்தத்தையும் தரையில் பரப்பிக் கையால் அடுக்க வேண்டும். கண்விழித்துச் செய்கிற வேலை அது.

அதற்குப் பதிலாக 630 பெயரோடு 18 வெற்று அட்டை சேர்த்து 648 ஆக்கினேன். 648 என்பது 72 ஷீட்டுக்கு 9. முதல் ஷீட்டின் முதல் கட்டத்தில் 1, இரண்டாம் கட்டத்தில் 73, மூன்றாவதில் 145, இப்படி எழுபத்திரண்டு எழுபத்திரண்டாகத் தாண்டி ஒன்பதாவதில் 577. இரண்டாவது ஷீட்டில் 2, 74, 146. வெட்டியதும் முதல் கட்டு 1 முதல் 72, இரண்டாவது கட்டு 73 முதல் 144. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் முழு வரிசையும் தானாக வந்துவிடும். எக்செல்லில் A பத்தியில் வரிசை எண் இருந்தால் இரண்டு பத்தி போதும். முதலாவது ஷீட் எண், இரண்டாவது கட்டத்தின் எண்:

```
=MOD(A2-1,72)+1
=INT((A2-1)/72)+1
```

முதலில் ஷீட் எண்படி, அதற்குள் கட்டத்தின் எண்படி அடுக்கிவிட்டுப் பட்டியலை இன்டிசைனுக்குக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அதில் அடுக்குவேன், மூலப் பட்டியல் எண் வரிசையிலேயே இருக்கும். வெற்று வரிகளிலும் எண்ணும் பொறுப்பும் இருக்க வேண்டும், பெயர் மட்டும் காலி.

இன்டிசைனுக்கு அனுப்பும்போது சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகப் போகும். எக்செல்லில் `Unicode Text` என்று சேமிக்க வேண்டும். உள்ளே பத்திக்கு `World-Ready` அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பொறுப்பு நிறத்துக்கு ஐந்து தனி லேயவுட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஒரு ஷீட்டில் ஐந்து பொறுப்பும் கலந்து வரும்போது லேயவுட் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பட்டியலில் `@pattai` என்று ஒரு பத்தி. பெயர் `@` என்று தொடங்கினால் இன்டிசைன் அதைப் படக்கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். எக்செல் அந்தக் குறியைச் சூத்திரமாக நினைத்து மறுக்கும் என்பதால் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் போட்டு `'@pattai` என்று அடிக்க வேண்டும். பத்தியின் உள்ளே `pechalar.pdf`, `katturai.pdf` என்று நிறப்பட்டைக் கோப்புகளின் பெயர். கோப்புகள் பட்டியலோடு ஒரே ஃபோல்டரில் இருந்தால் போதும். பங்கேற்பாளர் கடைசி நேரத்தில் பேச்சாளராகிவிட்டால் மாற்ற வேண்டியது பட்டியலில் அவருடைய பொறுப்பை. கோப்பின் பெயர் அதிலிருந்து சூத்திரத்தால் வருகிறது.

நிறம் எதற்கு என்பதை மறந்துவிட்டு நிறம் தேர்ந்தெடுப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. பேட்ஜின் நிறத்தைப் படிக்கப்போகிறவர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நிற்கும் தன்னார்வலர். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது நாலடி தூரத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் அவர் பார்க்கிறார். குழுவினர் அனுப்பிய மாதிரியில் இளநீலமும் இளம்பச்சையும் அடுத்தடுத்த பொறுப்புகளுக்கு. திரையில் அழகாகத்தான் இருந்தது. அச்சடித்து, பவுச்சில் போட்டு, கடையின் அந்தக் கோடியில் பையனை மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். பார்க்க வந்த பேராசிரியரே மாற்றிச் சொன்னார். பிறகு அடர் நீலம், ஆரஞ்சு, மஞ்சள், கறுப்பு, வெள்ளையில் சாய்கோடு என்று முடிவானது. வெளிர், அடர் வித்தியாசம் இருந்தால் சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியும். பட்டைக்குள் பொறுப்பின் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால், புதிதாக வந்து நிற்கும் தன்னார்வலருக்கு ஆரஞ்சு யார் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பட்டை கீழே இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். மேலே பவுச்சின் துளையும் கிளிப்பும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். அதேபோல் அட்டையைச் சுற்றி மெல்லிய பார்டர் வேண்டாம். கட்டிங் மெஷினில் தடித்த கட்டை வெட்டும்போது கத்தி சற்றே இழுக்கும், மேல் ஷீட்டுக்கும் அடி ஷீட்டுக்கும் லேசான வித்தியாசம் விழும். பார்டர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, இருந்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிதாகவும் நின்று காட்டிக்கொடுக்கும். பவுச்சையும் வாங்கி அளந்த பிறகே அட்டையின் அளவை முடிவு செய்ய வேண்டும். கடையில் சொல்கிற அளவு வெளி அளவா உள் அளவா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை.

பெயருக்குத்தான் அட்டையில் பெரிய இடம். கல்லூரிச் சின்னத்தையும் மாநாட்டுத் தலைப்பையும் பெரிதாக்கச் சொல்லி எப்போதும் நெருக்கடி வரும். அந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது எந்த மாநாடு என்று தெரியும், எதிரே நிற்பவர் யார் என்றுதான் தெரியாது. நீளமான பெயரை வைத்து லேயவுட் போட்டுவிட்டால் மற்றவை தாமாக அடங்கும். இதில் எக்செல்லின் `LEN` நம்மை ஏமாற்றும். வெங்கடசுப்பிரமணியன் நம் கணக்கில் 12 எழுத்து, கணினியின் கணக்கில் 19. கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுகிறது. அதுபோக ண, ணை போன்றவை பிடிக்கிற அகலத்தில் பாதிகூட ர-வுக்கு வேண்டாம். ஆகவே நீளமான இருபது பெயர்களை மட்டும் எடுத்து ஓட்டி, கண்ணால் பார்த்து, முன்னெழுத்தைத் தனி வரியில் ஏற்ற வேண்டியவர்களைக் குறித்துக்கொண்டேன்.

கழுத்தில் ஒற்றைக் கொக்கியில் தொங்குகிற அட்டை பாதி நேரம் திரும்பித்தான் கிடக்கும். பின்பக்கமும் அதே பெயரை அடித்தால் நல்லதுதான். ஆனால் ஷீட்டைத் திருப்பும்போது இடம் வலமாகும், முன்னால் 1, 73, 145 என்றால் பின்னால் 145, 73, 1 என்று பட்டியலை மாற்றி அடுக்க வேண்டும். ஒரு ஷீட் மெஷினில் சிக்கி விட்டுப்போனால் அதற்குப் பிறகு எல்லோருடைய முதுகிலும் அடுத்தவர் பெயர். இந்த வேலையில் பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக நிகழ்ச்சி நிரல் போட்டு, இரண்டு கொக்கி உள்ள கயிறு வாங்கச் சொல்லிவிட்டேன். கயிறுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் அட்டை திரும்பாது.

முதல் அச்சு போன பிறகு வந்த திருத்தங்கள் 31. திருத்தத்தை ஒருபோதும் லேயவுட்டில் கை வைத்துச் செய்யக் கூடாது. பட்டியலில் திருத்தி, பக்கத்துப் பத்தியில் ‘ம1’ என்று போட்டு, அந்தக் குறியுள்ள வரிகளை மட்டும் வடிகட்டி அதே லேயவுட்டில் ஓட்ட வேண்டும். லேயவுட்டில் நேராகத் திருத்தினால் பட்டியலில் பழைய பிழை அப்படியே இருக்கும். அடுத்த சுற்றில் அவருடைய பொறுப்பு மாறியது என்று மறுபடி ஓட்டும்போது திருத்திய பெயர் போய்ப் பழைய பிழை திரும்பி வரும். ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவையும் தப்பாகக் கொடுத்தால் எந்தச் சமாதானமும் எடுபடாது.

31 பெயருக்கு 4 ஷீட். 36 இடத்தில் மீதி ஐந்தை வீணாக்காமல் பொறுப்புக்கு ஒன்றாக வெற்று அட்டை. மொத்தம் 23 வெற்று அட்டை கையில் சேர்ந்தது. முதல் அச்சில் வைத்த அதே கட்டு பேப்பரையே இதற்கும் எடுத்து வைத்திருந்தேன். வேறு பேப்பரில் ஆரஞ்சு கொஞ்சம் சிவந்தால் வாசலில் நிற்கிறவருக்கு அது ஆறாவது பொறுப்பாகத் தெரியும்.

பழைய அட்டையை என்ன செய்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. புதிய 31-ஐ மேலே வைத்து அனுப்பிவிட்டால் பெட்டிக்குள் பழைய 31-உம் இருக்கும், மேசையில் இருப்பவர் முதலில் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார். எண் இருப்பதால் இது சுலபம். மறு அச்சு எண்களின் பட்டியலோடு கல்லூரிக்கே போய், கட்டிலிருந்து ஒவ்வொரு பழைய அட்டையையும் உருவிய இடத்திலேயே புதியதைச் செருகி, பழையதைக் குறுக்கே வெட்டிப் போட்டோம். மறு அச்சு அட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி சேர்த்திருந்ததால் கலந்துபோனாலும் எது புதியது என்று தெரியும்.

மாநாட்டு நாளுக்கு மண்டபத்தில் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் வைத்தோம். நம் அட்டை 300 ஜிஎஸ்எம். அலுவலக லேசர்களில் பல 163 ஜிஎஸ்எம்முக்கு மேல் இழுக்காது. இழுத்தாலும் நம் டிஜிட்டல் அச்சின் டோனர் அதன் சூட்டில் மறுபடி இளகி உருளையில் ஒட்டும். இங்க்ஜெட்டில் போட்டால் பளபளப்பான ஆர்ட் போர்டில் மை காயாமல் தேய்ந்துவிடும். அதனால் அட்டையையே அதில் விடுவதில்லை. பெயர் வருகிற வெள்ளைப் பகுதியின் அளவுக்கு ஏ4 ஸ்டிக்கர் தாளில் கட்டங்கள் போட்டு, பெயரை ஸ்டிக்கரில் அடித்து வெற்று அட்டையில் ஒட்டினோம். பட்டை ஏற்கெனவே அச்சாகியிருப்பதால் தூரத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. பவுச்சுக்குள் போனால் ஸ்டிக்கரின் விளிம்புகூட மறைந்துவிடும். அங்கேயும் எண் 631, 632 என்று தொடர்ந்தது, ஒட்டுகிறவர் பட்டியலில் எழுதிய பிறகே அட்டை கைமாறும்.

வெற்று அட்டைகளைப் பொறுப்புவாரியாகப் பிரிப்பதில் என் கணிப்பு: பங்கேற்பாளருக்கு அதிகம், பேச்சாளருக்கும் கொஞ்சம் தாராளமாக, தன்னார்வலருக்கு இரண்டு போதும். பேச்சாளர் தன்னோடு ஒருவரை அழைத்து வருவார், அவரும் மேடைக்கு அருகே உட்கார வேண்டியவராக இருப்பார். இந்தத் தடவையும் முதலில் தீர்ந்தது பேச்சாளர் அட்டைதான்.

பில்லில் மறு அச்சுக்குத் தனி வரி போடுவேன். பட்டியலில் இருந்தபடி அச்சாகி, பிறகு திருத்தச் சொன்னது அவர்கள் கணக்கு. பட்டியலில் சரியாக இருந்து அட்டையில் தவறாக வந்தது என் கணக்கு. அவர்கள் கடைசியாக ஒப்புதல் சொன்ன பட்டியலைத் தேதியோடு தனிக் கோப்பாக எடுத்து வைத்திருப்பதால் ‘ம1’ குறியுள்ள ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த 31-இல் இரண்டு என் பக்கம் விழுந்தன, நீளப் பெயரில் முன்னெழுத்து தனி வரிக்கு ஏறாதவை. மீதி 29-க்குப் பேராசிரியர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஸ்டிக்கர் தாளுக்கு மட்டும் “அது எதுக்குத் தம்பி தனியா?” என்று கேட்டார், அதை விட்டுக் கொடுத்துவிட்டேன்.